சம்பளம் வராத சம்பளக் கணக்கு

சம்பளக் கணக்கு என்பது சட்டப்படி தனி வகைக் கணக்கு அல்ல. ரிசர்வ் வங்கியின் கணக்கில் அதுவும் ஒரு சேமிப்புக் கணக்குதான். ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே வங்கியில் கணக்குத் தொடங்க ஒப்புக்கொள்கிறது. பதிலுக்கு வங்கி அந்தக் கணக்குகளுக்குச் சில கட்டணங்களைத் தள்ளுபடி செய்கிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை, டெபிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, ஏடிஎம்மில் எத்தனை முறை எடுத்தாலும் பிடித்தம் இல்லை, விபத்துக் காப்பீடும் உண்டு என்பன போன்ற சலுகைகள் எல்லாம் இந்த ஒப்பந்தத்திலிருந்து வருபவை. மாதாமாதம் பெருந்தொகை ஒன்று தவறாமல் வந்து சில நாளாவது தங்கும் என்ற நம்பிக்கையில்தான் வங்கி அவற்றைத் தருகிறது. வேலை மாறியதும் அந்தத் தொகை நின்றுவிடுகிறது. அதன்பின் சலுகைகளும் நிற்கின்றன.

எப்போது நிற்கின்றன என்பது வங்கிக்கு வங்கி மாறினாலும், தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவு வைக்கப்படாவிட்டால் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றுவதே பல வங்கிகளின் வழக்கம். கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட படிவத்தின் நிபந்தனைகளிலேயே இது இருக்கும். மாற்றுவதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை வங்கி மறுபடி கேட்பதில்லை.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'சம்பளம்' என்று வங்கி எதை எடுத்துக்கொள்கிறது? நிறுவனம் மாதக் கடைசியில் ஊழியர்களின் கணக்கு எண்களையும் தொகைகளையும் ஒரே கோப்பாக வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வழியில் வரும் வரவுக்குத்தான் வங்கியின் கணினி சம்பளம் என்ற அடையாளத்தைப் போடுகிறது. வேலையை விட்டவர் புதிய வங்கிக் கணக்கிலிருந்து பழைய கணக்குக்கு மாதம் 40,000 ரூபாய் தவறாமல் அனுப்பினாலும் அது சம்பளம் ஆகாது. புதிய நிறுவனம் பழைய கணக்குக்கே சம்பளத்தை அனுப்பினாலும், அந்த நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் அது சாதாரண நெஃப்ட் வரவாகவே பதியக்கூடும். 'பணம் வந்துகொண்டுதானே இருக்கிறது' என்று நினைத்திருப்பவரின் கணக்கும் மாறிவிடுவது இதனால்தான்.

கணக்கு மாறிய நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இருக்காது. கணக்கு எண் அதேதான். ஐஎஃப்எஸ்சி குறியீடு, கார்டு, கடவுச்சொல், யுபிஐ எல்லாம் முன்போலவே வேலை செய்யும். மாறுவது வங்கியின் கணினியில் அந்தக் கணக்கின் மேல் ஒட்டியிருக்கும் திட்டத்தின் பெயர் மட்டுமே. ஆகவே அதைக் கண்டுபிடிக்கவும் அங்கேதான் பார்க்க வேண்டும். கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்திலோ, நெட் பேங்கிங்கில் கணக்கு விவரப் பகுதியிலோ கணக்கின் வகை அச்சாகியிருக்கும். அதில் 'Salary' என்ற சொல் இருந்த இடத்தில் 'Regular' என்றோ 'General' என்றோ வந்திருந்தால் மாற்றம் நடந்துவிட்டது என்று பொருள்.

வங்கி தகவலே தருவதில்லையா என்றால், பெரும்பாலும் தருகிறது. அது போய்ச் சேரும் இடம்தான் சிக்கல். சம்பளக் கணக்கு தொடங்கும்போது பலர் அலுவலக மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்திருப்பார்கள்; நிறுவனம் கொடுத்த சிம் எண்ணையும் சிலர் பதிவு செய்திருப்பார்கள். வேலையை விட்ட அன்றே அந்த மின்னஞ்சல் மூடப்படுகிறது, சிம் திரும்பப் போகிறது. மூன்று மாதம் கழித்து வங்கி அனுப்பும் அறிவிப்பு யாரும் திறக்காத பெட்டிக்குள் போய் விழுகிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்த வாரத்திலேயே சொந்த எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் வங்கியில் பதிந்துகொள்வது, பின்னால் வரும் எல்லாச் சிரமங்களிலும் பாதியைத் தடுத்துவிடும்.

சராசரி இருப்பு என்னும் கணக்கு

மாறிய கணக்கில் பெரிய செலவாக வருவது குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணம். 'மினிமம் பேலன்ஸ்' என்றதும், எந்த நாளிலும் கணக்கு அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது சராசரியை. மாதத்தின் ஒவ்வொரு நாளும் இரவு கணக்கு முடியும்போது எவ்வளவு இருப்பு இருந்தது என்று எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுத்தால் கிடைப்பது சராசரி மாத இருப்பு. சில வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கணக்கிடுகின்றன. அறிக்கையில் AMB, MAB, QAB போன்ற எழுத்துகளோடு வரும் பிடித்தங்கள் இதற்குரியவை.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு போனால் இது தெளிவாகும். சென்னையில் வேலை பார்த்த ஒருவர் மார்ச் கடைசியில் நிறுவனம் மாறுகிறார். புதிய நிறுவனம் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கித் தருகிறது. பழைய கணக்கு ஒரு தனியார் வங்கியில் இருக்கிறது. மாதம் 5-ஆம் தேதி 2,000 ரூபாய் எஸ்ஐபி அதிலிருந்து தானாகப் போகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் சம்பளம் வரவில்லை. ஜூலை 1 அன்று கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காகிறது. அன்றைய இருப்பு 4,200 ரூபாய். அந்தக் கிளையில் வைக்க வேண்டிய சராசரி மாத இருப்பு 10,000 ரூபாய். குறைவதற்கான கட்டணம், குறையும் தொகையில் 6 சதவீதம் அல்லது 500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலையில் முதல் 4 நாள் 4,200 ரூபாய் இருக்கிறது. அது 16,800. ஐந்தாம் தேதி எஸ்ஐபி போனதும் மீதி 27 நாளும் 2,200 ரூபாய். அது 59,400. இரண்டும் சேர்ந்து 76,200. இதை 31-ஆல் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 2,458 ரூபாய். வைக்க வேண்டிய 10,000-க்கு 7,542 ரூபாய் குறைகிறது. அதில் 6 சதவீதம் 452.52, ஜிஎஸ்டியோடு சேர்த்து ஏறக்குறைய 534 ரூபாய். கணக்கில் இருப்பதே 2,200 என்னும்போது, ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட கால்வாசி கட்டணமாகப் போகக் காத்திருக்கிறது.

சராசரி என்பதால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மாதம் முழுக்கப் பணத்தை முடக்கி வைக்காமலே குறையைச் சரிக்கட்டலாம். 31 நாளுக்குச் சராசரி 10,000 வேண்டுமானால் அன்றாட இருப்புகளின் கூட்டுத்தொகை 3,10,000 ஆக வேண்டும். மேற்சொன்னவர் ஜூலை 25 காலையில் விழித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதுவரை அவருக்குச் சேர்ந்திருப்பது 60,800. இன்னும் 2,49,200 வேண்டும். மீதி 7 நாள். அதாவது நாளுக்கு 35,600 ரூபாய் இருப்பு. ஏற்கெனவே 2,200 இருப்பதால் 33,400 ரூபாயை அன்றே போட்டு, ஆகஸ்ட் 1 அன்று திரும்ப எடுத்துக்கொண்டால் ஜூலைக்குக் கட்டணம் கிடையாது. நாள் தள்ளத் தள்ளப் போட வேண்டிய தொகை வேகமாக ஏறும். கடைசி நாளில் செய்ய நினைத்தால் லட்சக்கணக்கில் வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி விதித்த வரம்புகள் வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியவை. 2014 நவம்பரில் வெளியாகி 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சுற்றறிக்கையின்படி, இருப்பு குறைந்ததும் வங்கி உடனே கட்டணத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் போன்ற ஏதாவது ஒரு வழியில் முதலில் சொல்ல வேண்டும். இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதன் பிறகும் சரியாகாவிட்டால்தான் கட்டணம். கட்டணமும் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஒன்பதாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கட்டணம் ஒன்றினாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

அந்த ஒரு மாத அவகாசத்தை மேற்சொன்னவர் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகிறது? ஆகஸ்ட் தொடக்கத்தில் அறிவிப்பு வருகிறது. ஆகஸ்ட் 5 அன்று எஸ்ஐபி போய் இருப்பு 200 ஆகிறது. அந்த மாதச் சராசரி 458 ரூபாய். குறைவில் 6 சதவீதம் 572 ஆகிறது, உச்சவரம்பு இருப்பதால் 500, வரியோடு 590. செப்டம்பரில் ஜூலைக்கான 534 ரூபாயை எடுக்க வங்கி முனையும்போது கணக்கில் இருப்பது 200. அதை எடுத்துக்கொண்டு, மீதியை நிலுவையாகக் குறித்து வைக்கும் வழக்கம் சில வங்கிகளில் இருக்கிறது. செப்டம்பர் 5 அன்று எஸ்ஐபிக்குப் பணம் இல்லை. அது திரும்பிப் போகிறது. தானியங்கிப் பிடித்தம் திரும்பியதற்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் போடுகிறது. அதுவும் வரியோடு பல நூறு ரூபாய் ஆகலாம். மூன்று மாதம் தொடர்ந்து திரும்பினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். என்றோ ஒருநாள் யாராவது அந்தக் கணக்குக்கு 5,000 ரூபாய் அனுப்பினால், நிலுவை எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வரும்.

எஸ்ஐபிக்குப் பதில் கடன் தவணை இருந்திருந்தால் விஷயம் இன்னும் கடுமை. கடன் கொடுத்தவர் தன் பங்குக்கு அபராதம் போடுவார், கடன் மதிப்பெண் குறையும். பணமில்லாமல் மின்னணுப் பிடித்தம் திரும்புவது, காசோலை திரும்புவதைப் போலவே, 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி குற்றமாகவும் ஆகக்கூடும். பழைய சம்பளக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் தவணைகளை முதலில் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

சுருங்கும் மற்ற சலுகைகள்

டெபிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் வரத் தொடங்கும். சம்பளக் கணக்கோடு உயர்வகைக் கார்டு கொடுத்திருந்தால் அதற்குரிய கட்டணமும் உயர்வாகவே இருக்கும். சாதாரணக் கார்டாக மாற்றிக் கேட்டால் குறையும். ஏடிஎம்மில் பொது விதி வந்துவிடும். சொந்த வங்கியின் இயந்திரத்தில் மாதம் 5 முறை இலவசம். பிற வங்கி இயந்திரத்தில் சென்னை, மும்பை போன்ற ஆறு பெருநகரங்களில் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை. இருப்பு பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும் என்பது பலர் கவனிக்காதது. அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் வசூலிக்க 2025 மே 1 முதல் அனுமதி இருக்கிறது. காசோலைத் தாள்கள், வரைவோலை, கிளையில் ரொக்கம் போடுவது, எடுப்பது ஆகியவற்றிலும் இலவச எண்ணிக்கை குறையும்.

பணத்தை விடப் பெரிய இழப்பு காப்பீட்டில் நேரலாம். பல சம்பளக் கணக்குத் திட்டங்களில் பிரீமியம் இல்லாமலே பல லட்ச ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. சம்பளம் வருவது நின்றதும் அது முடிந்துவிடுகிறது. குடும்பத்தார் அது இன்னும் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தால், விபத்து நேர்ந்த பிறகுதான் உண்மை தெரியவரும். வேறு பாலிசி எதுவும் எடுக்காதவர்கள் இந்த இடைவெளியை உடனே கவனிப்பது நல்லது. சம்பளத்தை நம்பிக் கொடுக்கப்பட்ட ஓவர்டிராஃப்ட் வசதியும் இப்படியே விலகும். அதில் எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

எல்லா வங்கிகளிலும் நிலைமை ஒன்றல்ல. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை நீக்கிவிட்டது. 2025-இல் கனரா வங்கி ஜூன் மாதத்திலிருந்தும், இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி போன்றவை ஜூலையிலிருந்தும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. இவற்றில் சம்பளக் கணக்கு வைத்திருந்தவருக்கு மேலே பார்த்த 534 ரூபாய்க் கதை நேராது. ஆனால் கார்டுக் கட்டணம், ஏடிஎம் வரம்பு, காப்பீடு முடிவது ஆகியவை அவருக்கும் பொருந்தும். குறைந்தபட்ச இருப்பு என்னும் சுமை இப்போது பெரிதும் தனியார் வங்கி வாடிக்கையாளரின் சுமையாகவே இருக்கிறது.

வைத்திருப்பதா, மூடுவதா

புதிய நிறுவனத்துக்கும் அதே வங்கியோடு ஒப்பந்தம் இருந்தால் வேலை எளிது. புதிய நியமனக் கடிதத்தையோ அடையாள அட்டையையோ கிளையில் காட்டி, பழைய கணக்கைப் புதிய நிறுவனத்தின் பெயரின் கீழ் மாற்றித் தரும்படி கேட்கலாம். கணக்கு எண் மாறாது, சலுகையும் தொடரும். இதைக் கேட்காமல் கணக்கு எண்ணை மட்டும் புதிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், வங்கியின் ஏட்டில் அவர் பழைய நிறுவனத்தின் ஊழியராகவே இருப்பார்.

அப்படி வழியில்லை, ஆனால் கணக்கு வேண்டும் என்பவர்கள் அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக் கேட்கலாம். இந்தக் கணக்கைத் தர எந்த வங்கியும் மறுக்க முடியாது. குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு முறையாவது பணம் எடுக்கலாம். ஒரே நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. கிளையில் இதைத் தாமாகச் சொல்வது அரிது; பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூடுவதென்றால் அவசரப்படக் கூடாது. பழைய நிறுவனத்தின் இறுதிக் கணக்குத் தீர்வுத் தொகை பெரும்பாலும் பழைய கணக்குக்கே வரும்; அது வேலையை விட்ட பிறகு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். வருங்கால வைப்பு நிதியில் பதிவாகியிருப்பதும் அந்தக் கணக்கு எண்ணாகவே இருக்கும். அதை மாற்றாமல் கணக்கை மூடிவிட்டு, பிறகு பிஎஃப் பணத்துக்கு விண்ணப்பித்தால் தொகை போய்ச் சேர இடமிருக்காது. வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நீங்கிவிட்டதால், ஊழியரே யுஏஎன் இணையதளத்தில் இதைச் செய்துகொள்ள முடியும். வருமான வரி ரீஃபண்டு, சமையல் எரிவாயு மானியம், டீமேட் கணக்கு, எஸ்ஐபி, காப்பீட்டு பிரீமியம் என்று எவையெல்லாம் அந்தக் கணக்கோடு பிணைந்திருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, கடந்த பன்னிரண்டு மாத அறிக்கையை வரிவரியாகப் பார்ப்பதுதான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிடித்தங்கள் குறுகிய அறிக்கையில் தப்பிவிடும்.

எல்லாம் மாற்றிய பிறகு கிளையில் மூடல் விண்ணப்பம், மிச்சமுள்ள காசோலைகள், கார்டு ஆகியவற்றைக் கொடுத்து, மீதித் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். தொடங்கி ஓராண்டு கடந்த கணக்குக்குப் பெரும்பாலான வங்கிகள் மூடல் கட்டணம் வாங்குவதில்லை. மூடியதும் நெட் பேங்கிங் போய்விடும் என்பதால், அந்த நிதியாண்டின் அறிக்கையையும் வட்டிச் சான்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்; வரிக் கணக்குத் தாக்கலின்போது தேவைப்படும்.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால்? வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டாண்டுக்கு எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று வங்கி வகைப்படுத்தும். வங்கி எடுக்கும் கட்டணமும் அது வரவு வைக்கும் வட்டியும் பரிவர்த்தனையாகச் சேராது. செயலற்றதான பிறகு குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் போடக் கூடாது; மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் வாங்கக் கூடாது; வட்டி தொடர்ந்து சேர வேண்டும். அந்த இரண்டாண்டுக்குள் அபராதமே இருப்பை அரித்துவிடும் என்பதால், மறந்துபோன சிறு தொகைகளுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்கிறது. பத்தாண்டு கடந்தும் கேட்பாரற்ற தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். உரியவர் அதன் பிறகும் வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம்.

முன்னறிவிப்பு இல்லாமலோ, ஒரு மாத அவகாசம் தராமலோ கட்டணம் எடுக்கப்பட்டிருந்தால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். புகாரில் சொல்ல வேண்டியவை மூன்று தேதிகள்: கணக்கு வகை மாறிய நாள், இருப்பு குறைந்ததாக அறிவிப்பு வந்த நாள், கட்டணம் பிடிக்கப்பட்ட நாள். அறிவிப்பு வரவே இல்லையென்றால், எந்த எண்ணுக்கு, எந்த முகவரிக்கு, எப்போது அனுப்பப்பட்டது என்று வங்கியிடம் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.